பழைய தெருப் படம் இன்றைய காட்சியின் மேல் பொருந்தவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு தெருவின் பழைய படத்தை, அதே இடத்தில் இன்று எடுத்த படத்தின் மேல் அடுக்காக வைத்து, மேலடுக்கைப் பாதி ஒளிபுகும்படி செய்து பார்க்கும்போது ஏதோ ஒன்று விலகியே நிற்கும். அந்த விலகல் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறியாமல் மூலைகளைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால் வேலை முடியவே முடியாது. விலகல்களில் இரண்டு வகை உண்டு. கேமரா நின்ற இடம் தவறியதால் வருவது ஒன்று. கேமராவின் திருப்பம், சாய்வு, லென்ஸ், ஸ்கேன் ஆகியவற்றால் வருவது மற்றொன்று. இரண்டாவது வகையைக் கணினியில் சரிசெய்துவிடலாம். முதல் வகைக்கு மறுபடியும் தெருவுக்குப் போய் வேறு இடத்தில் நின்று எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இதற்குக் காரணம் எளியது. ஒரு காட்சியில் எந்தப் பொருள் எதை மறைக்கிறது, அருகிலுள்ளது தொலைவிலுள்ளதைவிட எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்பவை கேமரா நின்ற இடத்தை மட்டுமே பொறுத்தவை. லென்ஸின் குவியத் தூரம் அந்தக் காட்சியில் எவ்வளவு பகுதி சட்டத்துக்குள் வருகிறது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. ஆகவே பழைய படம் எந்த லென்ஸால் எடுக்கப்பட்டது என்று தெரியாமல் இருப்பது பெரிய குறை அல்ல. சற்று அகலமாக எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம்.

கீழுள்ள எல்லாச் சோதனைகளுக்கும் தொடக்கம் ஒன்றே. படத்தில் மிகத் தொலைவிலுள்ள, இன்றும் மாறாமல் நிற்கும் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவை ஒன்றுக்கொன்று முடிந்த அளவு தள்ளி இருக்க வேண்டும். பழைய படத்தைச் சுழற்றியும், நகர்த்தியும், நீள அகலங்களைச் சமமாகவே அளவு மாற்றியும் அந்த இரண்டு புள்ளிகளை மட்டும் பொருத்த வேண்டும். வேறு எந்தத் திருத்தமும் இப்போது கூடாது. அதன் பிறகு எது விலகுகிறது என்று பார்த்து, அதற்குரிய பகுதிக்குச் செல்லலாம். கண்ணால் பிரித்தறிவது கடினமாக இருந்தால், இரண்டு அடுக்குகளின் வேறுபாட்டை மட்டும் காட்டும் முறையைப் பயன்படுத்தலாம். ஜிம்ப் மென்பொருளில் அடுக்கின் முறையை `Difference` என்று மாற்றினால் போதும். கட்டளை வரியில் இமேஜ்மேஜிக் மென்பொருளால் செய்பவர்களுக்கு, இரண்டு படங்களும் ஒரே அளவாக இருந்தால், இது உதவும்:

```
magick old.png new.png -compose difference -composite diff.png
```

பொருந்திய விளிம்புகள் அடங்கிவிடும். பொருந்தாதவை இரட்டைக் கோடுகளாகத் தெரியும்.

அறிகுறி: தொலைவில் உள்ளவை பொருந்துகின்றன, அருகில் உள்ளவை விலகுகின்றன

மிகுதியாக வரும் பிழை இதுதான். இது இடப் பிழை. ஓடும் ரயிலின் சன்னலில் பக்கத்து மரங்கள் விரைந்து பின்னே போக, தொலைவிலுள்ள மலை அசையாமல் நிற்பதுபோல, கேமரா சிறிது நகர்ந்தாலும் அருகிலுள்ள பொருள்கள் மிகுதியாகவும் தொலைவிலுள்ளவை குறைவாகவும் இடம் மாறும். தொலைவை நாம் ஏற்கெனவே பொருத்திவிட்டதால், மாறுபாடு முழுவதும் அருகிலுள்ளவற்றின்மீது வந்து விழுகிறது. அந்த விலகலை அளந்தால், எந்தப் பக்கம் எத்தனை அடி நகர வேண்டும் என்பதையே அது சொல்லிவிடும்.

இதற்கு அருகில் ஒரு புள்ளி போதாது, இரண்டு வேண்டும்: சட்டத்தின் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. புதிய படத்தில் அவை பழைய படத்தின் இடத்தைவிட்டு எந்தத் திசையில் தள்ளியுள்ளன என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் தள்ளியிருந்தால் நீங்கள் பக்கவாட்டில் தவறி நிற்கிறீர்கள். அவை எந்தப் பக்கம் தள்ளியிருக்கின்றனவோ அந்தப் பக்கமே நீங்களும் நகர வேண்டும். முதலில் கேட்கும்போது இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் கேமரா வலப்புறம் நகரும்போது அருகிலுள்ளவை தொலைவை ஒப்பிட இடப்புறம் நகர்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். மாறாக, இடப்புறப் புள்ளி இடப்புறமாகவும் வலப்புறப் புள்ளி வலப்புறமாகவும் வெளியே தள்ளியிருந்தால் நீங்கள் மிக முன்னால் வந்துவிட்டீர்கள். இரண்டும் நடுவை நோக்கி உள்ளே ஒடுங்கியிருந்தால் மிகப் பின்னால் நிற்கிறீர்கள்.

ஒரு புள்ளியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். தெருவின் முடிவில் 60 மீட்டர் தொலைவில் ஒரு மணிக்கூண்டு உள்ளது. 12 மீட்டர் தொலைவில் தெருவின் இருபுறமும் இரண்டு கல் தூண்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பார்வைக் கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கிறது. புதிய படம் கைப்பேசியின் முதன்மைக் கேமராவால் 4000 × 3000 பிக்சலில் எடுக்கப்பட்டது. அதன் குவியத் தூரம், முழுச் சட்ட ஃபிலிம் கணக்கில் 26 மில்லிமீட்டருக்கு இணையானது. மணிக்கூண்டைப் பொருத்திய பின், இடத்தூண் 88 பிக்சல் இடப்புறமாகவும் வலத்தூண் 48 பிக்சல் வலப்புறமாகவும் விலகியுள்ளன.

இடத்தூணை மட்டும் பார்த்தவர் பக்கவாட்டில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடப்புறம் நகர்ந்திருப்பார், அது தவறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விலகல் இரண்டாகப் பிரிகிறது. இரண்டுக்கும் பொதுவாக 20 பிக்சல் இடப்புறம். அதற்கு மேல் ஒவ்வொன்றும் 68 பிக்சல் வெளிப்புறம். அதாவது முதன்மையான குற்றம் மிக முன்னால் நிற்பது. பக்கவாட்டுப் பிழை சிறியது. தூணின் உயரத்தை அளந்தால் இது உறுதியாகும்: புதிய படத்தில் தூண் பழைய படத்தைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு பெரிதாக இருக்கும்.

எவ்வளவு பின்னால் போவது? இப்போது மணிக்கூண்டின் தொலைவு தூண்களின் தொலைவைப்போல 60 ÷ 12 = 5 மடங்கு. தூண்கள் 10 விழுக்காடு பெரிதாகத் தெரிவதால், உண்மையில் இந்த விகிதம் 5 ÷ 1.1, அதாவது ஏறத்தாழ 4.55 ஆக இருந்திருக்க வேண்டும். தூணுக்கும் மணிக்கூண்டுக்கும் இடையேயுள்ள 48 மீட்டர் மாறுவதில்லை. எனவே தூண்களின் சரியான தொலைவு 48 ÷ 3.55, அதாவது சுமார் 13.5 மீட்டர். ஒன்றரை மீட்டர் பின்னால் போக வேண்டும்.

பின்னால் போய் மறுபடி எடுத்து, மணிக்கூண்டை மறுபடி பொருத்தினால், இப்போது இரண்டு தூண்களும் சுமார் 17 பிக்சல் இடப்புறமாகவே விலகியிருக்கும். இனி பக்கவாட்டுக் கணக்கு:

```
x = p / ( f × (1/a − 1/b) )
```

இதில் `x` நீங்கள் நகர வேண்டிய தொலைவு, மீட்டரில்; `p` விலகல், பிக்சலில்; `a` அருகிலுள்ள பொருளின் தொலைவு; `b` தொலைவிலுள்ள பொருளின் தொலைவு; `f` லென்ஸின் குவியத் தூரம், ஆனால் பிக்சலில். இந்தக் கேமராவுக்கு `f` கண்டுபிடிப்பது எளிது: 26-ஐ, முழுச் சட்ட ஃபிலிமின் மூலைவிட்ட நீளமான 43.3 மில்லிமீட்டரால் வகுத்து, படத்தின் மூலைவிட்ட நீளமான 5000 பிக்சலால் பெருக்கினால் ஏறத்தாழ 3000 கிடைக்கும். நமது எடுத்துக்காட்டில், பின்னால் போன பின் `a` 13.5, `b` 61.5 என்பதால், ஒரு மீட்டர் நகர்ச்சிக்கு 173 பிக்சல் அளவு விலகல் வருகிறது. ஆகவே 17 பிக்சலுக்குப் பத்து சென்டிமீட்டர் இடப்புறம் நகர்ந்தால் போதும். இந்தக் கணக்கில் பிக்சல் என்பது புதிய படத்தின் பிக்சல் என்பதை மறக்கக் கூடாது. பழைய படத்தை அதன் மேல் பொருத்தி அளவு மாற்றிய பிறகே அளக்க வேண்டும்.

முன்பின் திருத்தத்தை முதலிலும் பக்கவாட்டுத் திருத்தத்தை அடுத்ததாகவும் செய்வதற்குக் காரணம், பின்னால் நகரும்போது நீங்கள் பார்வைக் கோட்டில் சரியாக நகர்வது அரிது என்பதே. எப்படியும் சிறிது பக்கவாட்டில் விலகுவீர்கள். அந்த விலகலையும் இறுதியில் ஒரே தடவையில் சரிசெய்துகொள்ளலாம்.

கணக்குப் போட விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நான் பெரும்பாலும் இதையே முதலில் செய்வேன். பழைய படத்தில் அருகிலுள்ள ஒரு விளிம்பு தொலைவிலுள்ள ஒரு விளிம்பைச் சரியாகத் தொடும் இடத்தைத் தேடுங்கள். ஒரு கட்டடத்தின் மூலை அதற்குப் பின்னாலுள்ள சன்னலின் இரண்டாவது கம்பியை மறைத்து முதல் கம்பியை விட்டுவைக்கலாம்; ஒரு தூணின் ஓரம் மணிக்கூண்டின் ஓரத்தோடு ஒரே கோட்டில் வரலாம். அத்தகைய ஒவ்வொரு சேர்க்கையும் தரையில் ஒரு நேர்கோட்டை வரையறுக்கிறது. பழைய கேமரா அந்தக் கோட்டின் மேல் எங்கோ நின்றது. இரண்டு சேர்க்கைகள் கிடைத்தால் இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியே கேமராவின் இடம்; மூன்றாவது கிடைத்தால் அது சரிபார்க்க. தெருவின் நடுவில் கிடைக்கும் சேர்க்கைகள் எல்லாம் தெருவின் நீளவாக்கிலேயே ஓடும், ஏறத்தாழ இணையான கோடுகளைத் தருவதால், அவை பக்கவாட்டு இடத்தைத் துல்லியமாகக் காட்டினாலும் முன்பின் இடத்தைக் காட்டுவதில் மிகவும் தளர்ந்துவிடும். அதற்குச் சட்டத்தின் இரு ஓரங்களிலும் உள்ள சேர்க்கைகளைத் தேட வேண்டும்.

இவ்வாறு அளந்து திருத்துவது புதிய பழக்கம் அல்ல. 1970-களின் இறுதியில் அமெரிக்க மேற்குப் பகுதியின் 19-ஆம் நூற்றாண்டு நிலக்காட்சிகளை மறுபடி எடுத்த மார்க் கிளெட்டும் அவருடைய குழுவினரும், அங்கேயே உடனடிப் படங்களை எடுத்து, அவற்றில் அளந்து, பழைய படத்தின் அளவுகளோடு ஒப்பிட்டுத் தங்கள் இடத்தைத் திருத்திக்கொண்டனர். இன்று உடனடிப் படத்துக்குப் பதிலாகக் கைப்பேசித் திரை இருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

அறிகுறி: முகப்பின் நான்கு மூலைகளும் பொருந்துகின்றன, மாடம் மட்டும் பொருந்தவில்லை

இது முந்தைய பிழையின் மறைந்த வடிவம், ஏமாற்றக்கூடியது. தட்டையான ஒரு சுவரை எங்கிருந்து எடுத்தாலும், நான்கு மூலைகளை இழுத்துத் திருத்தும் கருவியால் அதை வேறெந்த இடத்திலிருந்து எடுத்த படத்தின் மேலும் கச்சிதமாகப் பொருத்திவிடலாம். அதனால் படம் முழுவதையும் ஒரே முகப்பு நிரப்பியிருந்தால், இடம் தவறியிருப்பது தெரியாமலே போய்விடும். சுவரிலிருந்து வெளியே நீளும் மாடம், கூரையின் வெளி விளிம்பு, உள்ளே குழிந்திருக்கும் சன்னல் ஓரம் ஆகியவையே காட்டிக்கொடுக்கும்.

சன்னலின் பக்கச் சுவரைக் கவனித்தால் திசையும் கிடைக்கும். குழிந்த சன்னலின் இடப்பக்க உட்சுவர் தெரிந்தால் கேமரா அந்தச் சன்னலுக்கு வலப்புறம் இருந்தது; வலப்பக்க உட்சுவர் தெரிந்தால் இடப்புறம் இருந்தது. முகப்பில் வரிசையாக உள்ள சன்னல்களில் எந்தச் சன்னலில் இரு உட்சுவர்களும் சமமாகத் தெரிகின்றனவோ, அதற்கு நேர் எதிரே கேமரா நின்றது. இந்த ஒரு குறிப்பை வைத்தே நிற்க வேண்டிய கோட்டை வரைந்துவிடலாம்.

என் கருத்தில், மூலைகளை இழுக்கும் கருவியை இடத்தைச் சரிபார்க்கும் முன் திறக்கவே கூடாது. அது பிழையை நீக்குவதில்லை. பிழையைச் சுவரிலிருந்து மாடத்துக்குத் தள்ளிவிடுகிறது.

அறிகுறி: அருகிலுள்ளவை மேலே அல்லது கீழே விலகுகின்றன

கேமராவின் உயரம் தவறியுள்ளது. விதி முன்பு சொன்னதே: அருகிலுள்ள பொருள் புதிய படத்தில் மேலே தள்ளியிருந்தால் கேமராவை உயர்த்த வேண்டும், கீழே தள்ளியிருந்தால் தாழ்த்த வேண்டும்.

எவ்வளவு என்பதைப் பழைய படமே சொல்லும். தெருவின் இருபுறக் கட்டடங்களிலும் கூரை விளிம்பு, சன்னல் அடிக்கட்டை, செங்கல் வரிசை போன்ற கிடைக்கோடுகளை நீட்டினால் அவை ஒரு புள்ளியில் சேரும். அந்தப் புள்ளியின் வழியே போகும் கிடைக்கோடே அடிவானக் கோடு. அது எந்தச் சுவரை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ, அந்த உயரத்தில்தான் கேமரா இருந்தது. கோடு முதல் மாடிச் சன்னலின் அடியைத் தொட்டால், படம் எதிர் வீட்டு மாடியிலிருந்தோ வண்டியின் மேலிருந்தோ எடுக்கப்பட்டது. சமதளத் தெருவில் நிற்பவர்களின் தலைகள், அவர்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும், எல்லாம் அந்தக் கோட்டில் வந்தால் கேமரா கண் உயரத்தில் இருந்தது. தலைகளெல்லாம் கோட்டுக்கு மேலே இருந்தால், மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கும் பெட்டிக் கேமராவை இடுப்பருகே பிடித்து எடுத்திருக்கலாம். தெரு சரிவாக இருந்தால் சாலையின் ஓரக்கோடுகளை நம்பக் கூடாது. அவை சரிவோடு சேர்ந்து சாய்கின்றன. கட்டடத்தின் கிடைக்கோடுகள் சரிவிலும் மட்டமாகவே கட்டப்படுவதால் அவற்றையே நீட்ட வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி உள்ளது. தெருவின் மட்டமே உயர்ந்திருக்கலாம். மேலுக்கு மேல் சாலை போட்டுப் போட்டு வாசற்படிகள் புதைந்துபோவதுண்டு. பழைய படத்தில் ஒரு வாசலில் மூன்று படிகள், இன்று இரண்டுதான் என்றால், தரை ஏறத்தாழ ஒரு படி உயரம் ஏறியிருக்கிறது. அப்போது பழைய கேமரா அன்றைய தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது என்று தெரிந்தாலும், படி 15 சென்டிமீட்டர் எனக் கொண்டால், இன்றைய தரையிலிருந்து 135 சென்டிமீட்டரில்தான் வைக்க வேண்டும். ஆகவே உயரத்தை எப்போதும் சுவரிலுள்ள ஓர் அடையாளத்திலிருந்து அளப்பதே நல்லது. தரையிலிருந்து அளப்பது கடைசி வழி.

அறிகுறி: கட்டடங்கள் என் படத்தில் மேலே குறுகிச் சாய்கின்றன, பழைய படத்தில் நேராக நிற்கின்றன

இது இடப் பிழை அல்ல, சாய்வு. உயரமான கட்டடத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் நிமிர்கோடுகள் மேலே நெருங்கும். பழைய முக்காலிக் கேமராக்களில் லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் தனியே உயர்த்த முடிந்தது. கேமரா மட்டமாக இருக்கும்போதே பார்வை மேலே நகரும். நிமிர்கோடுகள் இணையாக இருந்து, அடிவானக் கோடு மட்டும் படத்தின் நடுவுக்கு வெகு கீழே இருந்தால், இந்த உத்தி கையாளப்பட்டிருக்கிறது, அல்லது படத்தின் கீழ்ப்பகுதி வெட்டப்பட்டிருக்கிறது. நமக்கு இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: கேமராவை மட்டமாக வைத்து, கைப்பேசியை நெடுக்காகப் பிடித்து, அகலமாக எடுத்துக் கீழ்ப்பகுதியை வெட்டிவிட வேண்டும்.

26 மில்லிமீட்டருக்கு இணையான லென்ஸை நெடுக்காக, மட்டமாகப் பிடித்தால் சட்டம் கிடைமட்டத்திலிருந்து சுமார் 34 பாகை மேலே வரை பிடிக்கும். 12 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் அது கேமராவுக்கு மேல் ஏறத்தாழ 8 மீட்டர். 60 மீட்டரிலுள்ள கூண்டில் 40 மீட்டர். அதற்கு மேலும் வேண்டுமானால் சாய்த்து எடுத்துவிட்டுப் பின்னர் மென்பொருளில் நிமிர்கோடுகளைத் திருத்தலாம். கேமரா சரியான இடத்தில் நின்றிருந்தால் அந்தத் திருத்தம் முறையானதே. வடிவியல்படி அது பழைய கேமராவின் முன்பலகை செய்த வேலையையே செய்கிறது. இழப்பது மேற்பகுதியின் கூர்மையை மட்டுமே. பழைய படத்திலேயே கோடுகள் நெருங்கினால் நீங்களும் அதே அளவு சாய்க்க வேண்டும். நேராக்கி அழகுபடுத்தக் கூடாது.

அறிகுறி: நடுவில் பொருந்துகிறது, ஓரங்களில் வழுகுகிறது

இரண்டு படங்களிலும் நீண்ட கூரை விளிம்பு ஒன்றின் மேல் ஒரு நேர்கோட்டை வரைந்து பாருங்கள். புதிய படத்தில் விளிம்பு வளைந்திருந்தால் பெரும்பாலும் மீ அகல லென்ஸே காரணம்; முதன்மைக் கேமராவுக்கு மாறுங்கள். பழைய படத்தில் ஒரு பக்கம் மட்டும் வளைந்திருந்தால், அது புத்தகத்தின் தைத்த ஓரத்திலிருந்து எடுத்த நகலாகவோ சுருண்ட அச்சாகவோ இருக்கலாம். நல்ல ஸ்கேனைத் தேடுவது திருத்துவதைவிட எளிது. நிமிர்கோடுகள் நேராக இருந்து, கிடைக்கோடுகள் மட்டும் அடிவானத்துக்கு மேலும் கீழும் எதிரெதிராக வளைந்திருந்தால், அது சுழலும் பனோரமா கேமராவால் எடுத்த படம். அதை ஒற்றைப் படத்தோடு பொருத்த இயலாது. அதே இடத்தில் நின்று கேமராவைச் சுழற்றிப் பல படங்கள் எடுத்து, ஹியூகின் மென்பொருளில் `Cylindrical` என்ற வடிவில் ஒட்ட வேண்டும்.

அறிகுறி: அகலம் பொருந்தினால் உயரம் பொருந்தவில்லை

காகித அச்சு ஈரத்தாலும் ஒட்டும்போதும் நெடுக்கிலும் குறுக்கிலும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். படத்தை வேறொரு சட்டத்துக்கு அடக்கியவர் அதை அழுத்தியும் இருக்கலாம். கேமராவுக்கு நேர் முகமாக உள்ள ஒரு சன்னலின் உயரத்தை அகலத்தால் வகுத்து இரண்டு படங்களிலும் ஒப்பிட வேண்டும். பழையதில் 1.50, புதியதில் 1.56 என்றால் பழைய படம் பக்கவாட்டில் 4 விழுக்காடு இழுபட்டுள்ளது. அதன் அகலத்தை மட்டும் 96 விழுக்காடாகக் குறைக்க வேண்டும். சாய்வாகத் தெரியும் சுவரில் இந்தச் சோதனை பொய் சொல்லும், ஏனெனில் பார்வைக் கோணம் மாறினாலும் அகலம் குறைந்து தெரியும்.

அறிகுறி: எதுவுமே பொருந்தவில்லை

முதலில் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டை மறுபுறமாக வைத்து அச்சிட்டால் இப்படி ஆகும். கடைப் பலகையின் எழுத்துகளும் கடிகார முகமும் உடனே காட்டிவிடும். எழுத்தே இல்லாவிட்டால் ஆண்களின் மேற்சட்டைப் பொத்தான்கள் எந்தப் பக்கம் மூடுகின்றன என்று பார்க்கலாம். திருப்புவதற்கு:

```
magick old.png -flop old_flop.png
```

அடுத்த ஐயம், நீங்கள் நம்பிய அடையாளமே மாறியிருக்கலாம் என்பது. விளக்குக் கம்பம், நடைபாதை விளிம்பு, மரம், பெயர்ப்பலகை ஆகியவற்றை அடையாளமாகக் கொள்ளவே கூடாது. சாலையை அகலப்படுத்தியபோது முகப்பை இடித்து உள்ளே தள்ளி அதே பாணியில் மறுபடி கட்டியிருந்தால், பார்வைக்குப் பழைய கட்டடம்போலவே இருக்கும்; அளவில் மட்டும் தவறும். மற்ற எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தைக் காட்ட, ஒரு கட்டடம் மட்டும் வேறொரு இடத்தைக் காட்டினால், பிழை கேமராவில் அல்ல, அந்தக் கட்டடத்தில் என்று கொண்டு அதைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். மூன்று தனித்தனிக் கட்டடங்களிலிருந்து புள்ளிகளை எடுப்பது இதற்காகத்தான்.

அறிகுறி: இடம் தெரிகிறது, ஆனால் அங்கே நிற்க முடியாது

அந்தப் புள்ளி இன்று ஒரு சுவருக்குள் இருக்கலாம், அல்லது வண்டிகள் ஓடும் சாலையின் நடுவில். உயரம் மட்டுமே சிக்கல் என்றால் நீண்ட கோலின் நுனியில் கேமராவைப் பொருத்தி, கைப்பேசியிலிருந்து இயக்கலாம். முன்பின் போக முடியாதபோது, கேமராவுக்கும் சரியான இடத்துக்கும் இடையேயுள்ள தூரம் எந்தத் தொலைவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று பார்த்து, அந்தத் தொலைவுக்கு அப்பாலுள்ள பகுதியை மட்டும் பொருத்துவதே நேர்மையான வழி. ஒன்றரை மீட்டர் தவறு 12 மீட்டரிலுள்ள தூணைக் கெடுக்கும். ஆனால் 50 மீட்டருக்கும் 60 மீட்டருக்கும் இடையே நிற்கும் கட்டடங்களின் ஒப்பளவில் அது அரை விழுக்காடு அளவுக்கே மாற்றம் செய்யும்.

அப்படிப்பட்ட படத்தில் பழையதையும் புதியதையும் சேர்க்கும் தையலை எங்கே வைப்பது என்பதும் இதைப் பொறுத்தே அமையும். படம் முழுவதையும் சரிபாதி ஒளிபுகும்படி விட்டால் அருகிலுள்ள ஒவ்வொன்றும் இரட்டையாகத் தெரியும். மாறாக, பொருந்திய தொலைவுக் கட்டடங்களின் மேல் தையலை ஓடவிட்டு, அருகிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றும் முழுதாகப் பழையதாகவோ முழுதாகப் புதியதாகவோ விட வேண்டும். எந்தத் தூணும் பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் இருக்கக் கூடாது. தொடக்ககாலத் தகடுகள் நீல ஒளிக்கே மிகுதியாக உணர்வுடையவை ஆதலால், அவற்றில் வானம் வெளுத்தும் செங்கல் கறுத்தும் தெரியும். புதிய படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது அதன் நீல வண்ணப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், தையல் ஓடும் சுவரில் இரண்டின் சாயலும் நெருங்கிவரும். நிழல்கள் எதிரெதிரே விழுந்தால் மட்டும் வேறு நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். அதற்குப் பழைய படத்தில் கூரை விளிம்பின் நிழல் சுவரில் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்து, இன்று அதே சுவரில் அதே நிழல் அந்த இடத்துக்கு வரும் வேளைக்குக் காத்திருந்தால் போதும்.